பால்வீதியைப் பார்த்து உருட்டும் வண்டு

மழை பெய்து ஓய்ந்த பிறகு மாடு மேயும் தரிசில் நடந்திருந்தால் அதைப் பார்த்திருப்பீர்கள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிய சாண உருண்டை ஒன்று தானாக நகர்வதுபோல் புல்லுக்குள்ளிருந்து வெளியே வரும். குனிந்து பார்த்தால் அதன் பின்னால் ஒரு கருவண்டு தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். முன்னங்கால்கள் தரையில், தலை தரையை ஒட்டி, பின்னங்கால்கள் உருண்டையின் மேல். அந்த நிலையில் அது பின்னோக்கி நடக்கிறது. தான் போகும் பக்கத்தை அது பார்ப்பதே இல்லை. சாணி உருட்டி, பீ உருட்டி என்று ஊருக்கு ஒரு பெயரால் அழைக்கப்படும் சாண வண்டு அது.

சிறு வயதில் நான் அந்த உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போட்ட கோட்டைப் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து அந்தக் கோட்டைப் பற்றிப் படித்தபோதுதான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது. ஈர மண்ணில் உருண்டை பதித்துச் சென்ற தடத்தைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் அது நூல் பிடித்ததுபோல் சாணத்தில் போய் முடியும். நடுவில் கல் வந்திருக்கும், புல்பத்தை வந்திருக்கும், உருண்டை ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கும். அத்தனைக்குப் பிறகும் வண்டு பழைய திசையையே பிடித்திருக்கும். தலைகீழாக, பின்பக்கமாக, தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள ஒரு பாரத்தைத் தள்ளிக்கொண்டு அது இதைச் செய்கிறது.

ஏன் நேராகப் போக வேண்டும் என்பதற்கான விடை சாணத்தைச் சுற்றி நடப்பதில் இருக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் யானை சாணமிட்டுச் சென்ற சில நிமிடங்களில் வண்டுகள் பறந்து வந்து இறங்கத் தொடங்கும். கென்யாவில் ஒன்றரைக் கிலோ யானைச் சாணத்துக்கு 16,000 வண்டுகள் வந்ததாகவும், இரண்டு மணி நேரத்தில் சாணமே மிச்சமில்லாமல் போனதாகவும் 1970-களில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாணத்துக்குள்ளேயே வாழ்பவை, அதன் அடியில் குழி தோண்டி இறக்கிக்கொள்பவை என்று வண்டுகளில் பல வகை உண்டு. உருட்டுபவை அவற்றில் சிறு பகுதிதான். இந்த உருட்டும் வண்டு மண்வெட்டி போன்ற தன் தலையால் சாணத்தை வெட்டி, முன்னங்கால்களால் தட்டித் தட்டி உருண்டையாக்குகிறது. அந்த வேலை முடிந்ததுமே ஆபத்து ஆரம்பமாகிவிடுகிறது. பாடுபட்டு உருண்டை பிடிப்பதைவிட, பிடித்து வைத்ததைப் பறிப்பது எளிது. அக்கம்பக்கத்து வண்டு பாய்ந்து வந்து உருட்டியவனைக் கவிழ்த்துவிட்டு உருண்டையோடு போய்விடும்.

ஆகவே அந்தக் கூட்டத்திலிருந்து கூடிய விரைவில் விலக வேண்டும். எங்கே போவது என்பது அவ்வளவு முக்கியமில்லை. சாணத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதே கணக்கு. அதற்கு நேர்கோட்டைவிட நல்ல வழி கிடையாது. வளைந்தால் நேரம் போகும். வட்டம் போட்டால் திருடர்கள் நடுவே திரும்பி வந்து நிற்க வேண்டியதுதான். போதுமான தூரம் போனதும் இளகிய மண்ணைப் பார்த்து உருண்டையோடு புதைந்துகொண்டு வண்டு நிம்மதியாகத் தின்னும், அல்லது பெண் வண்டு அதில் முட்டையிடும்.

நேராகப் போவது சுலபம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டால் மனிதரால் அது முடியாது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் யான் சவுமன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள். மேகம் மூடியபோது, தாங்கள் நேராகப் போவதாகவே நம்பிக்கொண்டு வட்டமடித்து, முன்பு நடந்த இடத்துக்கே வந்தார்கள். காரணம் எளியது. ஒவ்வோர் அடியிலும் ஒரு சிறு பிசகு வருகிறது. அதைத் திருத்த வெளியே ஓர் அடையாளம் இல்லையென்றால், அடுத்த அடி அந்தப் பிசகின் மேலேயே விழுகிறது. பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோடு வளைந்துவிடுகிறது. கரடுமுரடான தரையில் உருண்டை தள்ளும் வண்டுக்கு அடிக்கு அடி பிசகு இன்னும் அதிகம். அப்படியானால் அதற்கு வெளியே ஏதோ ஓர் அடையாளம் இருந்தே ஆக வேண்டும்.

அந்த அடையாளம் என்ன என்று தேடியவர்களில் முக்கியமானவர்கள் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டாக்கே, எரிக் வாரன்ட் ஆகியோரும், ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் பர்னும். மரம், பாறை போன்ற தரை அடையாளங்களை வண்டு சட்டை செய்வதில்லை என்று அவர்கள் கண்டார்கள். அது வானத்தைப் பார்க்கிறது. பகலில் இதைச் சோதிக்கும் முறை மிக அழகானது. வண்டு உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு பலகையால் சூரியனை மறைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடியால் சூரியனின் பிம்பத்தைக் காட்டுகிறார்கள். சூரியன் திடீரென்று மறுபக்கம் போய்விட்டது. வண்டும் திரும்பி, வந்த வழியே போகத் தொடங்குகிறது. தரையில் ஒன்றுமே மாறவில்லை. கண்ணாடியை எடுத்தால் மறுபடி பழைய திசை.

சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்தாலும் வண்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சூரிய ஒளி காற்று மண்டலத்தில் சிதறும்போது அதன் அலைகள் எல்லாப் பக்கமும் அதிராமல் ஒரே தளத்தில் அதிரத் தொடங்குகின்றன. பள்ளிப் பாடத்தில் தளவிளைவு என்று படித்திருப்போம். வானத்தின் எந்தப் பகுதியில் அதிர்வு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைச் சூரியன் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. இதனால் சூரியனை நடுவாக வைத்து வானம் முழுக்க ஒரு பின்னல் விரிகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. வண்டின் கண்ணில் மேல்நோக்கிய விளிம்பில் இதற்கென்றே அமைந்த செல்கள் இருக்கின்றன. ஒரு துண்டு நீல வானம் தெரிந்தால் போதும்.

2003-இல் இந்தக் குழு ஓர் இரவு வண்டை எடுத்துக்கொண்டது. ஸ்கராபியஸ் ஜாம்பெசியானஸ் என்பது அதன் பெயர். அந்தி சாயும்போது கிளம்பும் அந்த வண்டு, நிலவொளியில் நேராக உருட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேல் ஒரு தளவிளைவுத் தகட்டைப் பிடித்து, ஒளியின் அதிர்வுத் தளத்தைச் செங்குத்தாகத் திருப்பினார்கள். வண்டும் ஏறக்குறைய 90 பாகை திரும்பியது. நிலவின் ஒளி சிதறி உண்டாக்கும் பின்னல் சூரியனுடையதைப் போலவேதான் இருக்கும், ஆனால் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு மங்கலானது. அதை ஓர் உயிரினம் வழிகாட்டியாகப் பயன்படுத்துகிறது என்பது அப்போதுதான் முதன்முதலில் தெரிந்தது. பிறைநிலவின் வெளிச்சத்திலும் வண்டின் கோடு முழுநிலவில் இருப்பதைப் போலவே நேராக இருந்ததைப் பின்னர் அளந்து பார்த்தார்கள்.

ஆனால் நிலவே இல்லாத இரவுகள் இருக்கின்றனவே. அந்த இரவுகளில் வண்டு தடுமாற வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஃப்ரைபர்க் ஊருக்கு அருகே, ஊர் வெளிச்சம் எட்டாத ஒரு பண்ணையில், ஸ்கராபியஸ் சாடிரஸ் என்ற மற்றோர் இரவு வண்டை வைத்துப் பார்த்தபோது அது தடுமாறவில்லை. வானம் தெளிந்திருந்தால் நிலவு இல்லாமலும் நேராகப் போனது. மேகம் மூடினால் மட்டும் சுற்றியது.

அது வானத்தைத்தான் பார்க்கிறதா என்று உறுதிசெய்ய வண்டுகளின் தலையில் கருப்பு அட்டையில் செய்த சிறு தொப்பிகளை ஒட்டினார்கள். தொப்பி முன்னே நீண்டு மேல் பார்வையை மறைத்தது. தொப்பி போட்ட வண்டுகள் நெளிந்து வளைந்து, தம் கோட்டைத் தாமே வெட்டிக்கொண்டு சுற்றின. தொப்பியின் தொந்தரவே அவற்றைக் குழப்பியிருக்கலாம் அல்லவா? அந்த ஐயத்துக்கும் இடம் வைக்காமல், வேறு சில வண்டுகளுக்கு அதே அளவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொப்பி போட்டார்கள். அவை நேராகவே போயின. நல்ல சோதனை என்பது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தேகப்படுபவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் சோதனைக்குள்ளேயே இருக்கிறது.

விண்மீன்கள் என்றால் எவை? வண்டின் கண் சின்னஞ்சிறிய கூட்டுக்கண். தனித்தனி விண்மீன்களில் பெரும்பாலானவை அதற்குத் தெரியாத அளவுக்கு மங்கலானவை. இதை வெட்டவெளியில் கண்டுபிடிக்க முடியாது, வானத்தில் விண்மீன்களை யாரும் அணைத்துப் போட முடியாதே. எனவே வண்டுகளை ஜோகன்னஸ்பர்க் கோளரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வானம் மனிதர் கையில் இருக்கிறது.

அரங்கின் நடுவே 2 மீட்டர் விட்டமுள்ள வட்ட மேடை. சுற்றிலும் எதுவும் தெரியாதபடி கருப்புச் சுவர். மேடையின் விளிம்பில் ஒரு பள்ளம். கும்மிருட்டில் வண்டைப் படம் பிடிக்க முடியாது என்பதால் ஆய்வாளர்கள் காதை நம்பினார்கள். உருண்டையும் வண்டும் மேடையின் நடுவிலிருந்து புறப்பட்டு, விளிம்பில் தொப்பென்று விழும் சத்தம் கேட்கும்வரை எத்தனை நொடி என்று எண்ணினார்கள். நேராகப் போனால் ஒரே மீட்டர்தான், சீக்கிரம் விழும். சுற்றினால் நேரமாகும்.

முழு விண்மீன் வானம் விரிந்திருந்தபோது வண்டுகள் ஒரு நிமிடத்துக்குள் விளிம்பை எட்டின. விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்ட இருளில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆனது. மிகப் பிரகாசமான 18 விண்மீன்களை மட்டும் காட்டியபோது வண்டுகள் திணறின. பிறகு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பால்வீதியின் மங்கலான வெள்ளைப் பட்டையை மட்டும் விட்டுவைத்தார்கள். அப்போது முழு வானத்தின் கீழ் போனதைப் போலவே வண்டுகள் போயின. தனி விண்மீன்கள் அதற்குத் தேவைப்படவில்லை, வானத்தின் குறுக்கே கிடக்கும் அந்த ஒளிப்பட்டையே போதுமானதாக இருந்தது. ஒரு விலங்கு பால்வீதியைக் கொண்டு திசை பிடிக்கிறது என்று காட்டிய முதல் சான்று இது. 2013-இல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் இக்நோபல் பரிசும் அக்குழுவுக்குக் கிடைத்தது. ஜேம்ஸ் ஃபாஸ்டர் பிறகு நடத்திய சோதனைகளில், அந்தப் பட்டையின் ஒரு முனை மற்றதைவிட ஒளி மிகுந்திருப்பதை வண்டு பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. அப்படி ஒரு வேறுபாடு இல்லாவிட்டால் பட்டை வெறும் கோடாகிவிடும், போகும் பக்கம் எது, வந்த பக்கம் எது என்று பிரிக்க முடியாது.

இவ்வளவையும் படிக்கும்போது ஒரு கேள்வி எழும். வானம் நிலையாக நிற்பதில்லை. சூரியன் நகர்கிறது, பால்வீதி சாய்கிறது. நாளுக்கு நாள் எல்லாம் இடம் மாறுகின்றன. தேனீயும் சில பாலைவன எறும்புகளும் வேளைக்கேற்பச் சூரியன் நகர்வதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் திறன் பெற்றவை. அவற்றுக்குக் கூடு இருக்கிறது, திரும்பிப் போயாக வேண்டும். சாண வண்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் இல்லை. அது உருட்டுவது சில நிமிடங்கள்தான். சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது, அதாவது 6 நிமிடத்தில் ஒன்றரைப் பாகை. அந்தப் பிசகு வண்டுக்கு ஒரு பொருட்டே அல்ல. அதற்குக் கிழக்கு எது, வடக்கு எது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. புறப்பட்டபோது வானம் எப்படி இருந்ததோ, அப்படியே இப்போதும் தன் தலைக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அந்தப் புறப்படும் நேரத்தில் வண்டு ஒரு காரியம் செய்கிறது. உருண்டை பிடித்து முடித்ததும் அதன் மேல் ஏறி நின்று, தன்னைத்தானே ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுழற்றும். பிறகு இறங்கி, தலைகீழாகி, தள்ளத் தொடங்கும். இதை நடனம் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். எமிலி பேர்டும் உடனிருந்தவர்களும் 2012-இல் இந்த நடனம் எப்போதெல்லாம் நிகழ்கிறது என்று பார்த்தார்கள். புறப்படும் முன் ஆடுகிறது. வழியில் உருண்டை கைவிட்டுப் போய் மறுபடி பிடிக்கும்போது ஆடுகிறது. தடை ஒன்று குறுக்கே வந்தால் ஆடுகிறது. கண்ணாடியால் சூரியனை இடம் மாற்றினாலும் ஏறி ஆடுகிறது. வழி குழம்பும்போதெல்லாம் நின்று வானத்தைச் சரிபார்க்கும் செயல் அது.

நடனத்தின்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை 2016-இல் பாசில் எல் ஜுண்டியும் குழுவினரும் அணுகிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இயற்கையில் எங்கும் காணமுடியாத ஒரு வானத்தை அறைக்குள் அமைத்தார்கள். சூரியனுக்குப் பதிலாக ஒரு பச்சை ஒளிப்புள்ளி, வேறோர் இடத்தில் புற ஊதா ஒளி என்று தாங்கள் விரும்பியபடி வைத்தார்கள். வானத்தின் விதிகளைப் பிறவியிலேயே அறிந்த உயிராக இருந்தால் இந்தப் பொய் வானம் அதைக் குழப்பியிருக்கும். சாண வண்டு குழம்பவில்லை. நடனமாடியபோது கண்ட காட்சியை அப்படியே படம் பிடித்துக்கொண்டதுபோல் மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் படத்தோடு கண்முன் இருப்பதைப் பொருத்திப் பொருத்தி நேராகப் போனது. எது சூரியன், எது நிலவு, எது பால்வீதி என்ற அறிவு அதற்குத் தேவையில்லை. ஒளி எங்கெங்கே இருந்தது என்ற ஒரு படம் போதும். பால்வீதியைப் பார்க்கும் வண்டு என்றதும் நாம் ஒரு குட்டி வானியலாளரைக் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது வானத்தை எந்த விளக்கமும் இல்லாமல், பார்த்தபடியே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் எந்த வானத்தின் கீழும் அதனால் வேலை செய்ய முடிகிறது.

ஒரே ஒரு வானம் மட்டும் அதைக் கைவிடும். உச்சிப்பொழுது. தென்னாப்பிரிக்கக் கோடையில் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே ஏறிவிடும். நிழல் காலடியிலேயே கிடக்கும். நேர் மேலே இருக்கும் விளக்கு எந்தப் பக்கத்தையும் காட்டாது. ஆனாலும் பகல் வண்டுகள் அந்த வேளையிலும் நேராகவே உருட்டுகின்றன. 2019-இல் டாக்கேயின் குழு அதற்கான விடையைக் கண்டது. வண்டு காற்றைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புல்வெளியில் காற்று பலமாக வீசுவதும் நடுப்பகல் வேளையில்தான். விசிறிகளை வைத்துக் காற்றின் திசையைத் தலைகீழாக்கியபோது, சூரியன் தாழ்வாக இருந்தால் வண்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. சூரியன் உச்சியில் இருந்தால் காற்றோடு சேர்ந்து திரும்பியது. உணர்கொம்புகள் இல்லாத வண்டுகளால் காற்றைக் கொண்டு திசை பிடிக்க முடியவில்லை. இதைவிட வியப்பானது, வெளிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்த திசையை, வெளிச்சம் போய்க் காற்று மட்டும் இருக்கும்போதும் வண்டு தொடர்ந்து பிடிக்கிறது. கண்ணால் பார்த்ததைக் கொம்பால் தொடர்கிறது. இரண்டும் மூளையில் ஒரே திசைகாட்டியில் வந்து சேர்கின்றன என்றுதான் இதற்குப் பொருள்.

அந்த வேளையில் மண்ணும் கொதிக்கும். அப்போது வண்டு அடிக்கடி உருண்டை மேல் ஏறி நிற்கும். நடனமாடத்தான் ஏறுகிறது என்று நினைத்திருந்த ஆய்வாளர்கள், வெப்பப் படக்கருவியில் பார்த்தபோது வேறொன்றையும் கண்டார்கள். ஈரச் சாணம் ஆவியாகிக் குளிர்ந்திருக்கிறது, வண்டு அதில் கால் ஆற்றிக்கொள்கிறது. முன்னங்கால்களில் சிலிக்கோன் பூசிக் குட்டிக் காலணி போட்டுவிட்டபோது அது ஏறுவது குறைந்தது.

எனக்குக் கவலை தந்த சோதனை 2021-இல் வெளியானது. ஃபாஸ்டரும் குழுவினரும் இரவு வண்டுகளை ஜோகன்னஸ்பர்க் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் விட்டுப் பார்த்தார்கள். நகர வெளிச்சத்தில் பால்வீதி மறைந்துபோயிருந்தது. வண்டுகள் எதிரே தெரிந்த கட்டட விளக்குகளைப் பிடித்துக்கொண்டன. கோடு நேராகத்தான் இருந்தது. ஆனால் பலவும் அந்த விளக்குகளை நோக்கி ஒரே பக்கமாகப் போயின. கிராமத்து இருளில் ஒவ்வொரு வண்டும் தனக்கென ஒரு திசையைத் தேர்ந்து, சாணத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் நாலாபக்கமும் பிரியும். அப்படிப் பிரிவதில்தான் திருட்டிலிருந்து பாதுகாப்பு இருக்கிறது. எல்லாமே ஒரே விளக்கை நோக்கி உருட்டினால், விட்டு ஓடி வந்த திருடர்கள் மறுபடி பக்கத்திலேயே உருட்டிக்கொண்டிருப்பார்கள். நேராகப் போனோமா என்று மட்டும் அளந்திருந்தால் வண்டுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். எந்தெந்தத் திசை என்று சேர்த்துப் பார்த்ததால்தான் சேதம் தெரிந்தது.

எந்தத் திசையில் போவது என்பதை வண்டு எப்படி முடிவு செய்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். இதற்கென்று பிடித்த திசை எதுவும் அதற்கு இல்லை. இன்று காலை தென்மேற்கே போன வண்டு, அடுத்த சாணத்தில் புதிய உருண்டை பிடித்ததும் வேறெங்கோ போகும். உருண்டை மாறினால் திசையும் மாறுகிறது. பழைய படம் கலைந்துவிடுகிறது. புது உருண்டையின் மேல் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நேரத்து வானத்தைப் புதிதாகப் பிடித்துக்கொண்டு, இறங்கித் தலைகீழாகிறது.